வருஷக்கணக்கா சப்ளை பண்ணவங்ககிட்ட "இனிமே வேணாம்"னு மரியாதையா சொல்றது எப்படி: முழுமையான வழிகாட்டி

பழைய சப்ளையரை நிறுத்தறதுல தரம் சரியில்லன்னு நிறுத்தறது ஒரு வகை, விலை ஒத்து வரலன்னு நிறுத்தறது இன்னொரு வகை. ரெண்டுலயும் ஒரு சண்டை ஏற்கனவே நடந்து முடிஞ்சிருக்கும், அதனால நிறுத்தறோம்னு சொல்றப்போ அவங்களுக்கு அதிர்ச்சி இருக்காது. ஆனா நம்ம கம்பெனி தயாரிப்பு வரிசையையே மாத்துது, அவங்க மேல ஒரு குத்தமும் இல்ல, ஆனாலும் ஆர்டர் நிக்கப் போகுதுங்கறது தான் சொல்றதுக்கு கஷ்டமான வகை. ஏன்னா அந்தப் பக்கம் இருக்கறவருக்கு "நான் என்னத்த மாத்திக்கிட்டா தொடருவீங்க?"ன்னு கேக்க வழியே இல்ல.

பேச ஒரு கேஸ் வேணும்ல, அதனால இப்படி வச்சுக்குவோம். ஒரு கம்பெனி தரை துடைக்கிற லிக்விட் தயாரிக்குது. பதினோரு வருஷமா ஒரே ஆள்கிட்ட தான் பாட்டில் வாங்கறாங்க, பிளாஸ்டிக், பச்சை கலர், ஒரு பாட்டில் 30 கிராம் எடை, மாசம் சராசரி 40,000 பாட்டில். இப்போ கம்பெனி லிக்விடையே விட்டுட்டு தண்ணில கரையற மாத்திரைக்கு மாறுது, அதுக்கு பாட்டிலே வேணாம், பவுச் போதும். இன்னும் மூணு மாசத்துல லிக்விட் லைன் நிக்குது. நீங்க பர்ச்சேஸ்ல இருக்கீங்க, பாட்டில்காரர்கிட்ட சொல்ல வேண்டியது உங்க தலைல வந்து விழுந்திருக்கு.

முதல்ல காரணம் உண்மையான்னு பாருங்க

கேக்க வேடிக்கையா இருக்கும், ஆனா இங்க தான் பாதிப் பேர் மாட்டிக்கறாங்க. "தயாரிப்பு மாத்தறோம்"ங்கறது சொல்ல வசதியான காரணம், அதனால விலைக்காக ஆள் மாத்தறவங்களும் இதையே சொல்லி வைப்பாங்க. அப்புறம் ஒரு சின்ன சைஸ் பாட்டில் மட்டும் வேற இடத்துல இருந்து வந்துட்டிருக்கும், அது எப்படியும் அவர் காதுக்குப் போயிடும், ஏன்னா பாட்டில்காரங்க, மூடிக்காரங்க, லேபிள்காரங்க எல்லாம் ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சவங்க தான். ஒரு சைஸ் கூட வேற யார்கிட்டயும் போகலங்கறத மேனேஜ்மென்ட்கிட்ட தெளிவா கேட்டுக்கோங்க. போகுதுன்னா இந்தக் காரணத்தை எழுதாதீங்க, உண்மையான காரணத்தை எழுதுங்க.

இன்னொண்ணு, புது தயாரிப்புக்கு வேண்டியதுல எதையாவது அவரால செஞ்சு தர முடியுமா? பாட்டில் ஊதற மெஷின் வச்சிருக்கறவர் பவுச் போட முடியாது, அது வேற மெஷின் வேற தொழில். ஆனா மாத்திரையை பவுச்சுக்கு பதிலா டப்பால போடலாம்னு ஒரு யோசனை ஓடிட்டிருந்தா, அந்த டப்பாவுக்கு விலை கேட்டு அவருக்கும் அனுப்பிட்டு, அதுக்கு ஒரு முடிவு வந்தப்புறம் தான் நிறுத்தற லெட்டரைப் பத்தி யோசிக்கணும். முடியாதுன்னு தெரிஞ்சா "புதுசுல பார்க்கலாம் சார்"னு ஒப்புக்குச் சொல்லவே கூடாது. அவர் அதை நம்பி ஆளை நிறுத்தாம, மெஷினை ஒதுக்கி வச்சுக்கிட்டு காத்திருப்பார்.

அக்ரிமென்ட்டை எடுத்துப் படிங்க

பதினோரு வருஷ உறவுன்னா பெரும்பாலும் அக்ரிமென்ட் முதல் ரெண்டு மூணு வருஷத்துக்கு தான் இருக்கும், அதுக்கப்புறம் யாரும் புதுப்பிச்சிருக்க மாட்டாங்க, பர்ச்சேஸ் ஆர்டர் மேல பர்ச்சேஸ் ஆர்டரா ஓடிட்டிருக்கும். அதனால அக்ரிமென்ட், இப்போ நிலுவைல இருக்கற ஆர்டர், அந்த ஆர்டருக்குப் பின்னாடி அச்சடிச்ச விதிகள், மூணையும் சேர்த்து வச்சுப் படிங்க. பார்க்க வேண்டியது நாலே விஷயம் தான். நோட்டீஸ் எத்தன நாள், நோட்டீஸ் எந்த முகவரிக்கு எந்த வழில போகணும் (சிலதுல இமெயில் செல்லாதுன்னே இருக்கும்), குறைஞ்சபட்சம் இவ்வளவு எடுப்போம்னு எங்கயாவது கையெழுத்து போட்டிருக்கோமா, தானா புதுப்பிச்சுக்கற ஷரத்து இருக்கா. கடைசியா சொன்னதுல ஒரு தேதி இருக்கும், அதைத் தாண்டி நோட்டீஸ் குடுத்தா இன்னொரு வருஷம் கட்டிப்போட்டுடும்.

பேப்பர்ல ஒண்ணுமே இல்லன்னா இன்னைக்கே நிறுத்திடலாம்னு நெனைக்காதீங்க. பல நாடுகள்ல நீண்ட நாள் வியாபாரத்தை நியாயமான அவகாசம் தராம நிறுத்தினா நஷ்ட ஈடு கேக்கலாம். பிரான்ஸ்ல இதுக்கு வணிகச் சட்டத்துலயே தனிப் பிரிவு இருக்கு, அங்க 18 மாசம் நோட்டீஸ் குடுத்திருந்தா அவகாசம் பத்தலன்னு யாரும் கேக்க முடியாது. உங்க ஊர் சட்டம் என்னன்னு வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. நம்ம கேஸ்ல 90 நாள்னு எழுதியிருக்குன்னு வச்சுக்குவோம்.

கணக்கு போடுங்க, இது தான் மரியாதையோட பாதி

லெட்டர்ல எவ்வளவு இனிக்க எழுதினாலும், அவர் குடோன்ல உங்க பேர் போட்ட சரக்கு தேங்கி நின்னா அது மரியாதை ஆகாது. போன் பண்றதுக்கு முன்னாடியே இந்தக் கணக்கு கைல இருக்கணும், ஏன்னா அவர் கேக்கப் போற முதல் கேள்வியே "என்கிட்ட இருக்கற ஸ்டாக் என்ன ஆகும்?" தான்.

லிக்விட் லைன் மூணு மாசம் ஓடும், ஆனா ஒரே வேகத்துல ஓடாது, 40,000, அப்புறம் 30,000, கடைசி மாசம் 15,000. மொத்தம் 85,000. லைன்ல அடிபடறது நசுங்கறதுக்கு 2,000 சேர்த்தா 87,000 பாட்டில். நம்ம ஸ்டோர்ல 22,000 இருக்கு, அவர் குடோன்ல ரெடியா 18,000 இருக்கு, ஆக 40,000 போக இன்னும் 47,000 பாட்டில் அவர் ஊதித் தரணும். இப்போ நிலுவை ஆர்டரைப் பாருங்க, அதுல 80,000 பாக்கி நிக்குது. நாம எடுக்கப் போறது அவர்கிட்ட ரெடியா இருக்கற 18,000மும் புதுசா 47,000மும் சேர்த்து 65,000. அப்போ 15,000 பாட்டில் ஆர்டர் குடுத்துட்டு எடுக்காம விடறோம். இந்த 15,000த்தை மறைக்காம நாமளே சொல்லிடணும். அவரா கண்டுபிடிச்சு கேட்டா பேச்சோட தொனியே மாறிடும்.

அடுத்து அவர் வாங்கி வச்சிருக்கற மூலப்பொருள். இங்க ஒரே ஒரு கேள்வி தான்: இதை அவர் வேற யாருக்காவது பயன்படுத்த முடியுமா? வெள்ளை பிளாஸ்டிக் குருணை முடியும், எந்த பாட்டிலுக்கும் போடலாம், அதுக்கு நாம ஒண்ணும் தர வேண்டியதில்ல. ஆனா நம்ம பச்சைக்குன்னு தனியா செஞ்ச மாஸ்டர்பேட்ச், அதாவது பிளாஸ்டிக்ல கலக்கற கலர் குருணை, வேற யாருக்கும் ஆகாது. 47,000 பாட்டில் 30 கிராம் வீதம் 1,410 கிலோ, கலர் 2 சதவீதம் கலக்கறாங்கன்னா 28 கிலோ மாஸ்டர்பேட்ச் செலவாகும். அவர்கிட்ட 60 கிலோ இருக்கு, மிச்சம் 32 கிலோ. அதே மாதிரி நம்ம பேர் அச்சடிச்ச அட்டைப்பெட்டி 1,200 இருக்கு, ஒரு பெட்டிக்கு நூறு பாட்டில்னா 47,000க்கு 470 போதும், 730 மிச்சம். இந்த 32 கிலோவும் 730 பெட்டியும் நம்மளுக்காகவே வாங்கினது, அதனால அவர் வாங்கின பில் விலைக்கே நாம எடுத்துக்கறது தான் நியாயம். ரெண்டையும் சேர்த்தா கம்பெனிக்கு அது பெரிய தொகையே இல்ல, ஆனா அவர் கேக்கறதுக்கு முன்னாடியே நாம சொன்னோம்ங்கறது அவருக்குப் பெரிய விஷயம். எடுத்த மாஸ்டர்பேட்ச்சை எங்க வைக்கறதுன்னு உங்க ஸ்டோர் ஆள் முனகுவார், முனகட்டும்.

அவர் ஸ்டாக் கணக்கு உங்களுக்கு எப்படி தெரியும்னு கேப்பீங்க. மாசாமாசம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் அனுப்பற வழக்கம் இருந்தா சுலபம். இல்லன்னா கடைசி சில மாச ஆர்டர், டெலிவரி வச்சு ஒரு உத்தேசம் போட்டுக்கோங்க, சரியான எண்ணிக்கையை விஷயம் சொன்னப்புறம் அவர்கிட்டயே கேளுங்க. முன்கூட்டியே திடீர்னு ஸ்டாக் கேட்டா ஏதோ நடக்குதுன்னு மோப்பம் பிடிச்சிடுவார், அதுக்கப்புறம் வதந்தி உங்களுக்கு முன்னாடி ஓடும்.

மோல்டு யாருதுன்னும் இப்பவே பார்த்துடுங்க. முழுக்க நாம காசு குடுத்ததா, பாதிப்பாதியா, இல்ல பாட்டில் விலைல கொஞ்சம் கொஞ்சமா கழிச்சதா? பழைய பில்லைத் தோண்டினா தான் தெரியும். கழிச்சு முடிச்சிருந்தா நம்மது, ஆனா அதுக்கு பேப்பர் வேணும். பாதிப்பாதின்னா என்ன செய்யறதுன்னு ஒரு யோசனையோட போங்க. நம்ம வடிவம் வேற எங்கயும் வெளிய வரக்கூடாதுன்னா அவர் பங்கை மதிப்பு போட்டு வாங்கிக்கறது ஒரு வழி, ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு மோல்டை உடைச்சிடறது இன்னொரு வழி.

சொல்ற வரிசை

உள்ளுக்குள்ள யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாதுன்னு ஒரு பட்டியல் போட்டு வைங்க. சேல்ஸ் டீம் டீலர்கள்கிட்ட புது மாத்திரையைப் பத்தி பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பாட்டில்காரருக்கு சொல்லியாகணும். மூடி சப்ளையர், லேபிள் சப்ளையர், பாட்டில் சப்ளையர் மூணு பேருக்கும் ஒரே நாள்ல சொல்லுங்க, மூடிக்காரருக்கு திங்கக்கிழமை சொல்லிட்டு பாட்டில்காரருக்கு வியாழக்கிழமை சொல்லலாம்னு விட்டா செவ்வாய்க்கிழமையே அவர் போன் வந்துடும்.

முதல்ல போன், இல்ல நேர்ல. லெட்டர் அதே நாள் சாயங்காலம். லெட்டரை முதல்ல அனுப்பிட்டு அப்புறம் பேசறது பதினோரு வருஷம் கூட இருந்தவருக்கு செய்யற காரியம் இல்ல. யார் பேசறதுங்கறதும் முக்கியம், அவர் முதலாளியா இருந்தா நம்ம பக்கம் குறைஞ்சது பர்ச்சேஸ் ஹெட் பேசணும், நேத்து சேர்ந்த எக்ஸிக்யூடிவை விட்டு சொல்ல வைக்காதீங்க.

பேச்சுல நலம் விசாரிச்சு, வியாபாரம் எப்படி போகுதுன்னு கேட்டு, கால் மணி நேரம் சுத்தி வளைச்சு அப்புறம் குண்டு போடறது தான் வழக்கமா நடக்கற தப்பு. வணக்கம் சொன்ன அடுத்த நிமிஷமே விஷயத்துக்கு வந்துடுங்க:

"சார், ஒரு முக்கியமான விஷயம், லெட்டர்ல வர்றதுக்கு முன்னாடி நானே உங்ககிட்ட சொல்லணும்னு தான் கூப்பிட்டேன். நாங்க லிக்விட் லைனை மூணு மாசத்துல நிறுத்தறோம். அதுக்கப்புறம் எங்களுக்கு பாட்டிலே தேவைப்படாது. உங்க தரமோ விலையோ இதுக்கு காரணம் இல்ல, பாட்டில் வேற யார்கிட்டயும் போகவும் இல்ல."

சொல்லிட்டு நிறுத்துங்க. அவர் பேசட்டும். "விலையைக் கொஞ்சம் பார்த்து பண்ணா தொடருமா தம்பி?"ன்னு கேப்பார், அநேகமா எல்லாரும் கேப்பாங்க. "இல்ல சார், பாட்டில்ல போடற பொருளே நிக்குது, விலைல செய்ய ஒண்ணும் இல்ல"ன்னு நேரா சொல்லிடணும். "மேல கேட்டு சொல்றேன்"னு சொன்னீங்கன்னா அவர் ரெண்டு வாரம் அந்த நம்பிக்கைல இருப்பார், அந்த ரெண்டு வாரம் அவர் வேற கஸ்டமர் தேடறதுக்கு உபயோகமா இருந்திருக்க வேண்டிய நேரம். புது தயாரிப்பு என்னன்னு கேட்டா, இன்னும் வெளிய சொல்லலன்னா அதையும் அப்படியே சொல்லுங்க. லிக்விட் நிக்குதுங்கறது அவருக்குத் தெரியணும், மாத்திரை வருதுங்கறது தெரியணும்னு அவசியம் இல்ல, அவர் உங்க போட்டியாளருக்கும் பாட்டில் தர்றவரா இருக்கலாம்.

கோபப்பட்டா பதிலுக்கு பதில் பேசாதீங்க. "உங்க கம்பெனிய நம்பி தானே அந்த ரெண்டாவது மெஷின் போட்டேன்"னு சொன்னா அது உண்மையாவும் இருக்கலாம். அந்த மெஷினுக்கு நாம எழுத்துல ஏதாவது உறுதி குடுத்திருக்கோமான்னு பார்த்து சொல்றேன்னு சொல்லுங்க, பார்த்துட்டு கண்டிப்பா திரும்பக் கூப்பிடுங்க.

லெட்டர்

ஒரு பக்கம் போதும். நன்றி ரெண்டு வரில முடிஞ்சிடணும், நாலு பத்தி நன்றிக்கு நடுவுல தேதியைப் புதைச்சு வச்சா படிக்கறவருக்கு எரிச்சல் தான் வரும். இப்படி இருக்கலாம்:

> பொருள்: பாட்டில் கொள்முதல் நிறைவு – 90 நாள் முன்னறிவிப்பு
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> இன்று காலை தொலைபேசியில் பேசியதன் தொடர்ச்சியாக இதை எழுதுகிறோம். எங்கள் நிறுவனம் தரை துடைக்கும் லிக்விட் தயாரிப்பை நிறுத்துவதால், இக்கடிதத் தேதியிலிருந்து 90 நாட்களுக்குப் பிறகு உங்களிடமிருந்து பாட்டில் வாங்குவது நிறைவடைகிறது. ஒப்பந்தத்தின் முன்னறிவிப்புப் பிரிவின்படி இதுவே அறிவிப்பாகும். உங்கள் தரம், விலை, சேவை எதுவும் இம்முடிவுக்குக் காரணம் அல்ல.
>
> நிலுவை ஆர்டரில் உள்ள 80,000 பாட்டில்களில், உங்களிடம் தயாராக உள்ள 18,000 உட்பட 65,000 பாட்டில்களை எடுத்துக்கொள்கிறோம். மீதி 15,000 பாட்டில்களுக்கான ஆர்டரை உங்கள் ஒப்புதலுடன் முடித்துக்கொள்ள விரும்புகிறோம். எங்களுக்கென வாங்கிய பச்சை மாஸ்டர்பேட்ச், பெயர் அச்சிட்ட அட்டைப்பெட்டி ஆகியவற்றில் மீதமுள்ளதை உங்கள் கொள்முதல் பில் விலைக்கே எடுத்துக்கொள்கிறோம். சரியான இருப்பைப் பத்து நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டுகிறோம்.
>
> இந்தக் காலத்திலும் பில்களுக்கான பணம் வழக்கமான கெடுவில் வந்து சேரும். மோல்டை ஒப்படைப்பது, கணக்கை நேர் செய்வது பற்றி நேரில் பேச அடுத்த வாரம் வருகிறோம்.
>
> பதினோரு ஆண்டுகளில் பாட்டில் இல்லாமல் எங்கள் லைன் நின்றதில்லை. அதற்கு நன்றி.

கடைசி வரியைக் கவனிங்க. "தங்கள் மேலான ஒத்துழைப்புக்கு"ன்னு எழுதினா அது எல்லா லெட்டர்லயும் இருக்கறது. உண்மையிலேயே அவர் செஞ்சது என்னவோ அதை ஒரு வரில எழுதுங்க, லைன் நின்னிருந்தா அந்த வரியை எழுதாதீங்க, வேற எதுக்காவது நன்றி சொல்லுங்க. அந்த 15,000க்கு "உங்கள் ஒப்புதலுடன்"னு போட்டதும் சும்மா இல்ல, குடுத்த ஆர்டரை நாமளே தனியா ரத்து பண்ண முடியாது. நேர்ல பேசறப்போ அவர் ஒத்துக்கலன்னா 15,000 பாட்டிலுக்கு ஏதாவது ஒரு தொகை பேசி முடிக்க வேண்டி வரும், அதுக்கு அக்கவுண்ட்ஸ்கிட்ட முன்னாடியே ஒரு எல்லை கேட்டு வச்சுக்கோங்க.

நோட்டீஸ் காலம்

47,000த்தையும் மூணு மாசத்துக்குப் பிரிச்சு பிரிச்சு கேக்காதீங்க. ஒவ்வொரு தடவையும் அவர் மோல்டு மாட்டி, பழைய கலர் போற வரைக்கும் மெஷினை ஓட்டி, அந்த பிளாஸ்டிக்கை வீணாக்கணும். ஒரே ஓட்டமா ஊதி வச்சுட்டு நாம கேக்கறப்போ அனுப்பறது அவருக்கு லாபம், மெஷினும் சீக்கிரம் வேற வேலைக்கு கிடைக்கும். நமக்கு இருக்கற பயம் சேல்ஸ் திடீர்னு விழுந்து பாட்டில் மிஞ்சிடுமோங்கறது, அந்த ரிஸ்க்கை நாம தான் எடுத்துக்கணும், முடிவு நம்மது தானே.

கடைசி லாட்டுல தரம் வழுக்கும். யாரும் வேணும்னே செய்யறது இல்ல, நல்ல ஆபரேட்டரை அடுத்த கஸ்டமர் மெஷினுக்கு மாத்தியிருப்பாங்க, உடைச்சு அரைச்ச பழைய பிளாஸ்டிக்கை தீர்க்கணும்னு கொஞ்சம் கூடுதலா கலந்திருப்பாங்க. பச்சை ஷேடு மங்கும், சில பாட்டில் எடை குறைஞ்சு அடிப்பக்கம் மெலிசா இருக்கும். எப்பவும் எடுக்கற மாதிரியே சாம்பிள் எடுத்து எடை போட்டு, லிக்விட் நிரப்பி கீழ போட்டுப் பாருங்க. கடைசின்னு தளர்த்தவும் வேணாம், கடைசின்னு இறுக்கவும் வேணாம். இறுக்கினா சரக்கைத் தள்ளிவிட சாக்கு தேடறோம்னு தான் அவருக்குத் தோணும்.

பழைய டெபிட் நோட் ஏதாவது தூங்கிட்டிருந்தா முதல் சந்திப்புலயே எல்லாத்தையும் எடுத்து மேஜைல வச்சுடுங்க. கடைசி பில்லுல போய் மூணு வருஷத்துக்கு முன்னாடி உடைஞ்ச பாட்டிலுக்கு பிடிச்சா, அதுவரைக்கும் கட்டிக்காத்தது எல்லாம் போச்சு.

முடிக்கறது

மோல்டை எடுக்கறப்போ போட்டோ எடுங்க, அந்த மோல்டுல கடைசியா ஊதின சில பாட்டிலை தேதி எழுதி கூடவே வாங்கிக்கோங்க, பின்னாடி மோல்டுல சேதம் இருக்கா இல்லையான்னு பேச்சு வந்தா அது தான் சாட்சி. நம்ம டிராயிங், கலர் சாம்பிள் எல்லாம் திரும்ப வரணும். நாம வச்சிருக்கற அவரோட பிளாஸ்டிக் பேலட், கிரேட்டை எண்ணி அனுப்பணும், இதை யாருமே ஞாபகம் வச்சுக்கறதில்ல.

லிக்விடோட ஆயுள் 24 மாசம்னா அவ்வளவு நாளும் கடைல இருந்து பாட்டில் கசிவுன்னு புகார் வரலாம். அதனால லாட் ரெக்கார்டை அது வரைக்கும் வச்சிருக்கச் சொல்லி எழுத்துல கேட்டுக்கோங்க, நாமளும் நம்ம பக்கம் சாம்பிள் வச்சுக்கணும்.

கணக்குக்கு ரெண்டு பக்கமும் லெட்ஜர் எடுத்து ஒப்பிட்டு, பாக்கி இவ்வளவுன்னு ரெண்டு பேரும் கையெழுத்து போட்ட ஒரு தாள் வேணும். அவர் கேட்டா ஒரு சான்றுக் கடிதம் குடுங்க, எத்தன வருஷம், என்ன சைஸ், மாசம் சுமாரா எவ்வளவு, நிறுத்தினதுக்கு காரணம் தயாரிப்பு மாற்றம்னு விவரமா. புது கஸ்டமர் "அந்தக் கம்பெனி உங்களை ஏன் விட்டாங்க?"ன்னு கேக்கறப்போ அவர் நீட்டறதுக்கு அது வேணும்.

அப்புறம் சிஸ்டம்ல வெண்டர் கோடை பிளாக் பண்றது. நோட்டீஸ் முடிஞ்ச மறுநாளே ஐடி ஆள் பட்டியல் பார்த்து பிளாக் பண்ணிடுவார், அந்த நேரம் பார்த்து கடைசி பில்லும் மாஸ்டர்பேட்ச் பில்லும் அக்கவுண்ட்ஸ்ல நின்னுட்டிருக்கும், கோடு இல்லாததால பேமென்ட் போகாது, பாட்டில்காரர் மாசக்கணக்கா போன் பண்ணிட்டே இருப்பார், எடுத்துப் பேசவும் யாருக்கும் முகம் இருக்காது. கடைசி பைசா அவர் அக்கவுண்ட்ல ஏறினதை உறுதி பண்ணிட்டு, நீங்களே எழுதிக் குடுத்தப்புறம் தான் கோடை மூடணும்னு ஐடிக்கு நோட்டீஸ் போற அன்னைக்கே ஒரு மெயில் போட்டுடுங்க.